தூக்க நோட்டு

காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கொளஞ்சிநாதன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிடுவான். கதவருகே ஆணியில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்த நாற்பது பக்க நோட்டை விரித்து, தன் பெயருக்கு நேராக, அன்றைய தேதியின் கட்டத்தில், அழகான கையெழுத்தில் '4' என்று எழுதுவான். அதன்பிறகே செருப்பு, அதன்பிறகே வணக்கம், அதன்பிறகே படிப்பு. ஏழு மாதங்களாக இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

அந்த நோட்டுக்குத் 'தூக்க நோட்டு' என்று பெயர். முந்தைய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினோம் என்பதை ஒவ்வொருவரும் அதில் எழுத வேண்டும். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில், பியூஸ் கட்டை செய்யும் ஒரு பட்டறையின் பின்புறம் களிமண் காயவைக்கும் பழைய கொட்டகை ஒன்று இருந்தது. அங்கேதான் பதினொரு பேர் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கூடிக் குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துவந்தார்கள். பாதிப் பேர் பேட்டையிலேயே வேலை பார்ப்பவர்கள். எட்டு மணிச் சங்கு ஊதினால் புத்தகத்தை மூடிவிட்டு வேலைக்கு ஓட வேண்டியவர்கள்.

நோட்டு பிறந்தது ஒரு விளையாட்டில். ஆடி மாதத்து ஞாயிறுத் தேர்வொன்றில் கொளஞ்சிநாதன் மற்றவர்களை எட்டிப் பிடிக்க முடியாத மதிப்பெண் எடுத்தான். எப்படி என்று கேட்டபோது, "நாலு மணி நேரந்தான் தூங்குறேன்" என்றான். பெண்ணாடத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் பழமலை, குழுவின் கேலிக்காரன், உடனே ஒரு நோட்டை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டான். "இனிமே எவன் எவன் எம்மாம் நேரம் குறட்டை விட்டான்னு கணக்கு தெரியணும்டா!" முதல் வாரம் ஏழும் எட்டுமாக எழுதியவர்கள் சிரித்துக்கொண்டே எழுதினார்கள். மறுவாரம் எட்டு எழுதியவனுக்குப் 'பஞ்சு மெத்தை' என்று பெயர் விழுந்தது. புரட்டாசியில் எல்லாக் கட்டங்களிலும் ஆறு. ஐப்பசியில் ஐந்து. கார்த்திகை பிறந்தபோது யாரும் சிரிக்கவில்லை. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவும் இல்லை. நோட்டு பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

கொளஞ்சிநாதன் எழுதிய நான்கு பொய்யல்ல. ஆனால் அந்த நான்கின் பின்னே ஒளிந்திருந்த ஒன்றை அவன் எழுதவில்லை.

பட்டறையில் அவனுக்குக் கைப்பிரஸ் வேலை. ஈரப்பொடி மண்ணை அச்சில் கொட்டி, சக்கரத்தைச் சுழற்றி அழுத்தி, ஒரு நாளைக்கு எண்ணூறு பியூஸ் கட்டைகளை எடுக்க வேண்டும். மாலையில் புத்தகத்தைத் திறந்தால் கண் இருளும். கடைவீதியில் மருந்துக் கடை வைத்திருந்த தங்கராசு அவனுக்குத் தூரத்து உறவு. முதலில் அவர் கொடுத்தது ஞாபக சக்தி மாத்திரை. பக்கவாதம் வந்து தெளிந்தவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் பிராசிட்டம். இரண்டு மாதம் தின்றும் அது ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. அதைச் சொன்னபோது தங்கராசு அலமாரியின் மேல்தட்டிலிருந்து வேறொரு அட்டையை எடுத்தார். ஓரத்தில் சிவப்புக் கோடு. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கு அடையாளம் அந்தக் கோடு.

"மோடாஃபினில்னு பேரு. உக்காந்த எடத்துல தன்னாலே தூங்கி வுழுற சீக்குக்காரங்களுக்குக் குடுக்குறது. பட்டணத்துல கம்ப்யூட்டர் வேலை பாக்குற பசங்க இதத்தான் முழுங்குறாங்களாம்."

"சீட்டு?"

"நீ என்ன வெளியாளா?" என்றார் தங்கராசு.

விடியலில் ஒரு மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்து, ஈரத் துணியால் துடைத்த கரும்பலகை போல மனம் தெளியும். அந்தத் தெளிவு பகல் முழுதும் நீடித்து, சாயங்காலம் வரை மிச்சமிருக்கும். நாக்கு வறளும். பசி என்பதே மறந்துபோகும். மதியச் சோற்றுத் தூக்கு பல நாள் திறக்கப்படாமலே வீடு திரும்பியது. சில நாள் நெற்றிப் பொட்டில் வலி தெறிக்கும். ஒரு நாள் மறந்துபோய்ப் பிற்பகலில் போட்டுவிட்டான். அன்று நோட்டில் எழுத வேண்டியது உண்மையில் சுழி. அப்படி எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அன்றும் நான்கே எழுதினான்.

மனசாட்சி உறுத்தும்போதெல்லாம் அவன் தனக்குத் தானே ஒரு வாதம் சொல்லிக்கொள்வான். டீ குடிப்பதில்லையா? டீயும் தூக்கத்தைத் தள்ளத்தானே செய்கிறது? வாதம் நேராகத்தான் இருந்தது. ஆனால் டீ குடிக்கிறவன் சட்டைப் பையில் ஒளித்து வைத்துக் குடிப்பதில்லை. இந்த இடத்துக்கு வந்ததும் அவன் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிவிடுவான்.

மார்கழியில் ஒருநாள் அட்டை வாங்கப் போனபோது தங்கராசு கண்ணாடிப் பெட்டியின் மேல் சாய்ந்து மெல்லச் சொன்னார்.

"ஒங்க கொட்டாயிலேருந்து நாலு பேரு வராங்க தம்பி. ஒவ்வொருத்தனும் தனித்தனியா வரான். ஒவ்வொருத்தனும், 'யாருக்கும் சொல்லிடாதீங்க'ங்கிறான். ஒன் பேர நான் சொல்லல."

"யாரு யாரு?"

"அவங்க பேரயும் நான் சொல்ல மாட்டன். அதான் யாவாரம்."

கொளஞ்சிநாதன் அன்று ஓர் அட்டைக்குப் பதில் இரண்டு வாங்கினான். மறுநாள் முதல் ஒரு மாத்திரை ஒன்றரை ஆயிற்று. கொட்டகையில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் உதடுகளைப் பார்க்கத் தொடங்கினான். யாருக்கு வறண்டிருக்கிறது? அடிக்கடி தண்ணீர் குடிப்பது யார்? அவர்களில் சிலரும் அவன் உதடுகளைத்தான் பார்க்கிறார்களோ என்று தோன்றியது. பதினொரு பேர் இருந்த அந்த இடத்தில் பக்கம் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

குழுவிலிருந்த பிரபா மட்டும் இவற்றில் எதையும் அறியாதவள். கம்மாபுரத்துப் பக்கம் அவர்களுடைய நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. புதிதாகக் கொடுத்த மனையில் இரண்டு அறை வீடு. அப்பாவுக்கு வேலை கிடைக்கும் என்ற பேச்சு பேச்சாகவே நின்றது. இந்தத் தேர்வுதான் அந்த வீட்டின் நம்பிக்கை. அதே பட்டறையில் அவள் 'தட்டுப் பார்க்கும்' வேலை செய்தாள். சூளையிலிருந்து வெந்து வந்த பியூஸ் கட்டை ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துச் சின்ன இரும்புக் கம்பியால் தட்ட வேண்டும். 'கிண்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் உள்ளே மயிரிழை விரிசல் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. பட்டறையிலேயே அவள் காதுதான் கூர்மையான காது என்று முதலாளி கோதண்டபாணி பெருமையாகச் சொல்வார்.

தை பிறந்ததும் பிரபாவின் கட்டத்திலும் நான்கு விழத் தொடங்கியது. கண்ணுக்குக் கீழே கருமை படிந்தது. ஒரு நாள் சங்கு ஊதிய பிறகு, பிரஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த கொளஞ்சிநாதனை நிறுத்தினாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? நானும் நாலு மணி நேரந்தான் தூங்குறேன். எழுந்துக்குறேன், படிக்குறேன். ஆனா படிச்சது அடுத்த நாளே காணோம். நீங்க எப்பிடிண்ணா முடியுது? சும்மா சொல்லாதீங்க."

சட்டைப் பையில் அட்டை இருந்தது. அவன் நெஞ்சு துடிக்கும்போது அட்டையின் ஓரம் அதில் இடிப்பது போலிருந்தது. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும்.

"மனசு வைக்கணும் பிரபா," என்றான். "ஒடம்ப நம்ம பேச்சுக்குப் பழக்கணும். கொஞ்ச நாள்ல பழகிடும்."

"சரிண்ணா," என்றாள் அவள். நம்பிய முகத்தோடு போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய மாதிரித் தேர்வு. இருநூறு கேள்விகள், மூன்று மணி நேரம், அதுவரை படித்த பாடம் மொத்தமும். தாள் கொடுப்பதற்கு முன் எல்லாரும் இறுகிப் போயிருந்ததால் பழமலை ஒரு கதை சொன்னான்.

"நம்ம மணிமுத்தாத்துல ஒருக்கா கொக்கெல்லாம் கூடுச்சாம். எது ரொம்ப நேரம் ஒத்தக் கால்ல நிக்குதோ அதுதான் தலைவர்னு பேச்சு. ஒரு கொக்கு மட்டும், யாருக்கும் தெரியாம சேத்துல ஒரு குச்சிய நட்டு, றெக்கைக்குள்ளாற சாய்ஞ்சிக்கிச்சு. மத்ததெல்லாம், 'அடேங்கப்பா, அது நிக்குது பாரு'ன்னு நின்னுச்சுங்க. கால் வீங்குது, நிக்குதுங்க. ஆத்துல தண்ணி வத்துது, நிக்குதுங்க. மீனெல்லாம் காலுக்கிடையில பூந்து போவுது, அப்பவும் நிக்குதுங்க."

"அப்புறம்?" என்றாள் பிரபா.

"அப்புறம் என்ன? எல்லாத்துக்கும் பட்டினி."

"குச்சி வச்ச கொக்கு?"

"அதுவும் பட்டினிதாம்மா. ஆனா தலைவர் பட்டினி."

எல்லாரும் சிரித்தார்கள். கொளஞ்சிநாதன் சிரிக்கவில்லை. பழமலைக்கு எப்படித் தெரிந்தது? யார் சொன்னது? தாள் வந்தது. கேள்விகள் வெகு எளிதாகத் தோன்றின. விடைகள் ஒவ்வொன்றும் தானாக எழுந்து நின்றன, சிறு ஐயமும் இல்லை. மற்றவர்கள் பாதியில் இருக்கும்போதே எழுதி முடித்து, கைகட்டி உட்கார்ந்திருந்தான். நூற்றெண்பதுக்குக் குறையாது என்று கணக்குப் போட்டான்.

வந்தது நூற்றிருபத்தொன்று. பழமலைக்கு நூற்று ஐம்பத்திரண்டு.

தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். சென்ற வாரம் படித்தவை சரியாக இருந்தன. ஆவணியில், புரட்டாசியில் படித்தவை ஒன்றோடொன்று கலந்திருந்தன. ஆண்டுகள் இடம் மாறியிருந்தன. அவனை அச்சுறுத்தியது தவறுகள் அல்ல. தவறான விடைகளையும் அவ்வளவு உறுதியோடு எழுதியிருந்ததுதான். பிரபாவுக்குத் தொண்ணூற்றெட்டு. சித்திரையில் குழுவில் சேர்ந்தபோதே அவள் நூற்று நாற்பது எடுத்தவள்.

நெஞ்சுத் துடிப்பு அன்று மாலை வரை அடங்கவில்லை. மறுநாள் காலை அரசு மருத்துவமனைக்குப் போனான். நாடி பார்த்த பெண் மருத்துவர், அவன் நீட்டிய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருப்பா எழுதிக் குடுத்தது?"

"ஞாபக சக்திக்குன்னு... தெனம் ஒன்றரை."

"இது ஞாபகத்தக் கூட்டுற மருந்து இல்ல. தூக்கத்தத் தள்ளிப் போடுறது, அவ்வளவுதான். பகல்ல படிச்சத மூளை அடுக்கி வைக்குறதே நீ தூங்குறப்பதான். நீ கொண்டாந்து கொட்டிக்கிட்டே இருக்குற, அடுக்க விட மாட்டேங்குற. இதுல வேற ஒன்றரை மாத்திரை! ஒடம்புல எங்கயாவது தடிப்பு, கொப்புளம் வந்துச்சா? வந்திருந்தா உயிருக்கே ஆபத்து தெரியுமா?" பின்னர் குரலைத் தாழ்த்தினார். "இந்த மாசத்துல நீ ஆறாவது ஆளு. முந்தா நேத்து வந்தது பன்னெண்டாங் கிளாஸ் பொண்ணு."

அங்கிருந்து நேரே பட்டறைக்குப் போனான். வாசலில் லாரி நின்றது. பழுது என்று திரும்பி வந்த மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்ணாடத்துப் பக்கம் ஒரு கரும்புக்காரர், மோட்டார் கொட்டகையில் பியூஸ் கட்டையைப் பிடித்து இழுத்தபோது அது கையிலேயே இரண்டாகப் பிளந்திருக்கிறது. உள்ளங்கை வெந்துவிட்டது. உயிர் தப்பியது அவருடைய நல்ல காலம். அதே தடவை சூளையில் வெந்த இரண்டாயிரத்து நானூறு கட்டைகளையும் வாங்கியவர் திருப்பி அனுப்பிவிட்டார். கொளஞ்சிநாதன் ஒரு கட்டையை எடுத்துக் கம்பியால் தட்டினான். கிண். இன்னொன்று. கிண். மூன்றாவது, டொக். எந்தப் பிள்ளைக்கும் கேட்கும் ஓசை அது.

கோதண்டபாணி பிரபாவைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

"ஒன்ன நம்பித்தானம்மா அனுப்புனேன். ஒரு ஆளு செத்திருப்பான்," என்றார். அவளைத் தட்டுப் பார்க்கும் மேசையிலிருந்து மாற்றி மூட்டை தைக்க அனுப்பினார். திரும்பி வந்த கட்டைகள் அத்தனையையும் அவளே, வேலை நேரம் முடிந்தபிறகு, மறுபடி தட்டிப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

மறுநாள் பிரபா படிக்க வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தாள். நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. தன் கேள்விப் புத்தகங்களைப் பழமலையிடம் நீட்டினாள்.

"நீங்க வச்சுக்குங்க. நான் பரீச்சைக்குப் போவல."

"ஏம்மா, ஹால் டிக்கெட்டே வந்துடுச்சு! இன்னும் பத்தொம்பது நாளு!"

"நாலு மணி நேரம் தூங்கி நீங்கல்லாம் படிக்கிறீங்க. நானும் அப்பிடித்தான் தூங்குனேன். எனக்குப் படிப்பும் ஏறல, காதும் போச்சு. என் தலை அம்மாந்தான்." அழவில்லை. கம்மாபுரம் பஸ்ஸுக்கு நேரம் கேட்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். சங்கு ஊதும் முன்பே வேலைக்குப் போய்விட்டாள்.

பிறகு பழமலை நோட்டை ஆணியிலிருந்து கழற்றித் தரையில் போட்டான்.

"டேய், நான் ஒண்ணு சொல்றேன், அடிக்காதீங்க. இதுல அஞ்சு அஞ்சுன்னு எழுதிருக்கேனே, அம்புட்டும் புளுகு. ஏழு மணி நேரம் தூங்குறவன் நான். பஸ்ல வேற முக்கா மணி நேரம். அன்னிக்குச் சொன்ன கொக்குக் கதை என்னப் பத்துனதுதாண்டா."

இன்னும் நால்வர் தலை குனிந்தார்கள். அவர்களும் பொய்தான் எழுதியிருந்தார்கள். கொளஞ்சிநாதன் நோட்டை எடுத்துப் பார்த்தான். பதினொரு பெயர்கள், நூற்றுக்கணக்கான கட்டங்கள். சிலர் மருந்தால் விழித்தார்கள். சிலர் எண்ணை மட்டும் குறைத்து எழுதினார்கள். எந்தத் துணையும் இல்லாமல், எழுதியதை அப்படியே செய்து, தன் சொந்த உடம்பால் அந்தக் கட்டங்களை நிரப்பியவள் ஒருத்திதான். அவள்தான் தன்னை மந்தம் என்று முடிவு கட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

அவன் சிவப்புப் பேனாவை எடுத்தான். தன் பெயருக்கு நேரே ஆடி மாதம் முதல், ஒவ்வொரு '4'-க்கும் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தான். மாத்திரை ஒன்று. மாத்திரை ஒன்று. மார்கழியிலிருந்து மாத்திரை ஒன்றரை. சுழி என்று எழுதியிருக்க வேண்டிய நாளை அடித்துத் திருத்தினான். எட்டு மணிச் சங்கு ஊதியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எழுதி முடித்ததும் எழுந்து நின்று, தேதி தேதியாக வாய்விட்டுப் படித்தான். குழுவில் முதல் ஆள் என்ற பெயர் ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைவிட்டுக் கழன்று போவதை அவன் கேட்டுக்கொண்டே படித்தான்.

"வேற நாலு பேரு யாருன்னு நான் கேக்கல," என்றான் கடைசியில். "பேனா இங்கதான் இருக்குது."

யாரும் பேனாவைத் தொடவில்லை. ஒருவன் எழுந்து தண்ணீர்க் குடத்தருகே போனான். குடிக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தான். அவன் உதடு வெடித்திருந்தது.

அன்று மாலை ஐந்தரை மணிக்குக் கிடங்கில் பிரபா தனியே உட்கார்ந்து கட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். கொளஞ்சிநாதன் நோட்டை விரித்து அவள் மடியில் வைத்தான். அவள் படித்தாள். ஒரு பக்கம் திருப்பினாள். இன்னொரு பக்கம் திருப்பினாள்.

"அன்னிக்கி நான் கேட்டப்ப இது ஒங்க பையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"மனசு வைக்கணும்னீங்க."

"சொன்னேன். தப்பு. ஒன் தலையில ஒரு கொறையும் இல்ல பிரபா. டாக்டரே சொன்னாங்க, தூங்காத தலையில ஒண்ணும் நிக்காதுன்னு. என் தலையிலயும் நிக்கல."

"அந்த ஆளு கை வெந்து போச்சே, அத எங்க எழுதுவீங்க?"

காலையிலேயே முதலாளியிடம் போய் நடந்த அத்தனையையும் சொல்லிவிட்டு வந்திருந்தான். கோதண்டபாணி, "ஒனக்கு அரை நாள் கூலி புடிப்பேன், மேசைக்கு அவள மறுபடி ஒக்கார வைக்கிறதப் பத்தி யோசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அதை இப்போது பிரபாவிடம் சொன்னான்.

"யோசிக்கிறாராம்," என்றாள் அவள்.

"இந்த மூட்டைங்கள நான் பாக்குறேன். தெனம் சாயங்காலம் வந்து தட்டி முடிச்சுக் குடுக்குறேன். நீ வூட்டுக்குப் போயித் தூங்கு. காலையில வந்து படி."

"ஒங்களுக்குக் காது கேக்குமா? நானே கோட்ட விட்டேன்."

"மாத்திரைய நிறுத்திட்டேன். ரெண்டு நாளா தலை பாறாங்கல்லு மாதிரி இருக்குது. அதனால மெதுவாத்தான் தட்டுவேன். ஒவ்வொண்ணையும் ரெண்டு வாட்டி."

பிரபா அவனை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. கம்பியை அவன் கையில் கொடுத்தாள், அவ்வளவே. கம்மாபுரம் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அடுக்கி வைத்திருந்த காலிச் சாக்குகளின் மேல் சாய்ந்தாள். முதலில் அவன் தட்டுவதை வேவு பார்ப்பவள் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அது டொக்கு, தனியா வைங்க," என்று ஒருமுறை கண்ணைத் திறக்காமலே சொன்னாள். அவன் அந்தக் கட்டையை மீண்டும் தட்டிப் பார்த்தான். அவள் சொன்னதுதான் சரி. அவன் காதுக்கு முதலில் எட்டவில்லை.

சற்று நேரத்தில் அவள் மூச்சு சீராகிவிட்டது.

வெளியே சாலையில் ட்யூஷன் முடிந்த பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் கடைவீதிப் பக்கம் போனார்கள். தங்கராசு கடையின் விளக்கு எரிந்திருக்கும். கண்ணாடிப் பெட்டியின் மேல் சாய்ந்து அவர் யாரிடமோ மெல்லப் பேசிக்கொண்டிருப்பார். நாளை அங்கேயும் போய் இதை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று கொளஞ்சிநாதன் நினைத்துக்கொண்டான். நினைக்கும்போதே கண் செருகியது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு வந்து, அடுத்த கட்டையை உள்ளங்கையில் வைத்தான். தட்டினான். காதருகே கொண்டுபோய் இன்னொரு முறை தட்டினான். அவள் எழுந்துவிடாதபடி, மெதுவாக.